தெரிந்த சொல்லில்தான் மதிப்பெண் போகிறது

வங்கித் தேர்வின் ஆங்கிலப் பகுதியில் நீளமான பத்தி ஒன்று வரும். அதில் நாலைந்து சொற்கள் தடித்த எழுத்தில் இருக்கும். பத்தியின் கருத்தை ஒட்டிய கேள்விகள் முடிந்ததும், அந்தச் சொற்களில் ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டு, அதற்கு மிக நெருங்கிய பொருள் தரும் சொல் எது என்று கேட்டிருப்பார்கள். கீழே நாலைந்து விடைகள். பார்த்த மாத்திரத்தில் இது இலவச மதிப்பெண் என்று தோன்றும். பத்தியைப் படிக்கவே தேவையில்லை, சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால் போதும் என்று பலரும் நேராக இந்தக் கேள்விகளுக்குத் தாவிவிடுவார்கள்.

ஆனால் அந்தக் கேள்வியில் சின்னதாக ஒரு தொடர் இருக்கிறது: 'பத்தியில் பயன்படுத்தியிருக்கும் பொருளில்'. கேள்வியின் உயிரே அந்தத் தொடரில்தான் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் தாவியவர்கள், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல்லிலேயே மதிப்பெண்ணை விட்டுவிட்டு வருகிறார்கள். தெரியாத சொல்லைக் கண்டால் எவரும் தயங்குவார்கள், பத்தியைத் திரும்பிப் பார்ப்பார்கள், சந்தேகம் தீராவிட்டால் விட்டுவிடுவார்கள். பள்ளியிலிருந்தே பழகிய சொல் வந்தால் அந்தத் தயக்கம் வருவதில்லை. கேள்வி அமைப்பவர் எதிர்பார்ப்பதும் அந்த வேகத்தைத்தான்.

இந்த வகைக் கேள்வி எப்படிக் கட்டப்படுகிறது என்பதைக் காட்ட ஓர் உண்மையான உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்காக நடக்கும் 'எஸ்.ஏ.டி.' தேர்வு, பல பத்தாண்டுகளாக அகராதியில் தேடினாலொழியக் கிடைக்காத சொற்களைக் கேட்டு மாணவர்களை மிரட்டி வந்தது. மாணவர்கள் அட்டைகளில் சொற்களை எழுதிவைத்து மனப்பாடம் செய்தார்கள். 2016-ல் தேர்வைத் திருத்தியபோது அந்த முறையைக் கைவிட்டார்கள். இனி அரிய சொற்கள் வேண்டாம், கல்லூரியிலும் வேலையிலும் அன்றாடம் வரும் சொற்கள் ஓர் இடத்தில் என்ன பொருள் தருகின்றன என்பதைக் கேட்போம் என்பது புதிய முடிவு. அந்த மாற்றத்தை விளக்க அவர்கள் வெளியிட்ட மாதிரிக் கேள்விகளில் ஒன்று 'இன்டென்ஸ்' என்ற சொல்லைப் பற்றியது.

அந்தப் பத்தி நகரங்களைப் பற்றியது. வரும் ஆண்டுகளில் வேலைவாய்ப்பும் புதிய கண்டுபிடிப்புகளும் சில பெரிய நகரங்களில் மேலும் 'இன்டென்ஸ்' ஆகக் குவியும் என்பது அதன் சாரம். விடைகள் நான்கு: 'எமோஷனல்', 'கான்சன்ட்ரேட்டட்', 'பிரில்லியன்ட்', 'டிடர்மின்ட்'. உணர்ச்சி பொங்கும், செறிவான, பளிச்சென்ற, உறுதியான என்று தமிழில் சொல்லலாம். இந்த நான்கில் எதையும் முட்டாள்தனமான விடை என்று ஒதுக்கிவிட முடியாது. காதல் இன்டென்ஸாக இருந்தால் அது உணர்ச்சி பொங்குவது. வெளிச்சம் இன்டென்ஸாக இருந்தால் கண்ணைக் கூசவைக்கும் பளிச்சு. ஒருவருடைய முயற்சி இன்டென்ஸாக இருந்தால் அது உறுதி. நான்கு விடைகளும் ஏதாவது ஓர் இடத்தில் அந்தச் சொல்லுக்கு உறவுதான். ஆனால் வேலைகள் ஓரிடத்தில் குவிவதற்குப் பொருந்துவது செறிவு மட்டும். அதனால் இரண்டாவது விடையே சரி.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தியை மூடிவைத்துவிட்டு விடையை மட்டும் பார்த்தால் நான்கில் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. படித்தவருக்கே மதிப்பெண். நல்ல கேள்வி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் ஊர்த் தேர்வுகளில் இதே கேள்வி சற்று வேறு ஆடையில் வருகிறது. தவறான விடைகளைப் பொறுக்கி எடுப்பதில் ஒரு வாடிக்கை இருப்பதைப் பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் காணலாம். ஒரு விடை, அந்தச் சொல்லுக்கு எல்லோருக்கும் தெரிந்த அர்த்தமாக இருக்கும். இன்னொன்று பத்தியின் தலைப்போடு ஒட்டி இருக்கும், ஆனால் சொல்லுக்குச் சம்பந்தம் இருக்காது. பெரும்பாலும் நேர் எதிர்ப்பொருள் ஒன்றும் கிடக்கும். சரியான விடை இவற்றுக்கு நடுவே, சற்று அந்நியமாக, இந்தச் சொல்லுக்கு இப்படியும் ஓர் அர்த்தமா என்று கேட்கவைக்கும் முகத்தோடு உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் கை முதல் விடைக்கே போகும்.

அவசரம் எவ்வளவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐ.பி.பி.எஸ். நடத்தும் அதிகாரி பணிக்கான முதனிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு 40 விநாடி. அதற்குள்தான் பத்தியையும் படிக்க வேண்டும். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு கழிப்பார்கள். தெரியாத சொல்லை விட்டுவிட்டால் பூஜ்யம். தெரிந்ததாக நினைத்த சொல்லில் தவறினால் அதற்கும் கீழே.

பழகிய அர்த்தம் ஏன் இப்படி முந்திக்கொண்டு வருகிறது? இது சோம்பேறித்தனத்தால் வருவது என்று மாணவர்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. மனம் வேலை செய்யும் விதமே அப்படித்தான் என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. 1979-ல் டேவிட் ஸ்வின்னி என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். 'பக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பூச்சி என்றும் பொருள் உண்டு, ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள் உண்டு. கரப்பானும் சிலந்தியும் நடமாடும் அறையைப் பற்றிய வாக்கியத்தில் இந்தச் சொல்லைக் கேட்கவைத்தார். அது பூச்சிதான் என்பதில் யாருக்கும் ஐயமிருக்க வழியில்லை. ஆனாலும் சொல் காதில் விழுந்த அந்த நொடியில், கேட்டவர்களின் மனத்தில் எறும்பும் விழித்துக்கொண்டது, ஒற்றனும் விழித்துக்கொண்டான். மூன்று அசை கடந்த பிறகு பார்த்தால் ஒற்றனைக் காணோம், பூச்சி மட்டும் மிச்சம். மனம் எல்லா அர்த்தங்களையும் ஒருமுறை எழுப்பிவிட்டு, வேண்டாததைப் பிறகுதான் தள்ளுகிறது.

இரண்டு அர்த்தங்களும் சம பலத்தோடு இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. ஒன்று மிகப் பழகியதாகவும் மற்றது அரியதாகவும் இருந்தால்? 1988-ல் டஃபி, மோரிஸ், ரேனர் ஆகிய மூவர் வாசிப்பவர்களின் கண் அசைவை அளந்து இதைப் பார்த்தார்கள். வாக்கியத்தின் முற்பகுதி அரிய அர்த்தத்துக்கே தெளிவாக வழிகாட்டினாலும், அந்தச் சொல்லின் மேல் கண் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தங்கியது. அதாவது, இந்த இடத்துக்குத் தேவையே இல்லாத பழகிய அர்த்தம் குறுக்கே வந்து நிற்கிறது. அதை விலக்கிவிட்டுப் போவதற்கு நேரம் ஆகிறது. சாதாரண வாசிப்பில் இதை நாம் உணர்வதுகூட இல்லை. தேர்வறையில் அந்தப் பழகிய அர்த்தம் விடைத்தாளிலேயே கண்ணெதிரே அச்சிட்டுக் கிடக்கிறது. மனம் விலக்க முயலும் ஒன்றைக் கேள்வித்தாள் மறுபடி கையில் கொடுக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

தமிழ் பேசும் மாணவருக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் இருக்கிறது. பயிற்சிப் புத்தகங்கள் இதைப் பற்றிப் பேசிக் காணோம்.

ஆங்கிலச் சொற்கள் நூற்றுக்கணக்கில் நம் பேச்சில் கலந்துவிட்டன. ஆனால் அவை தமிழுக்குள் வரும்போது தங்கள் எல்லா அர்த்தங்களையும் சுமந்துகொண்டு வரவில்லை. பெரும்பாலும் ஒன்றே ஒன்றோடு வந்தன. 'அரெஸ்ட்' என்றால் போலீஸ் பிடிப்பது. 'அட்ரஸ்' என்றால் வீட்டு முகவரி. 'டிஸ்கவுண்ட்' என்றால் ஆடி மாதத்துத் தள்ளுபடி. 'சவுண்ட்' என்றால் டி.வி.யில் குறைக்கச் சொல்லும் சத்தம். 'குவாலிஃபை' ஆனான் என்றால் தேர்ச்சி பெற்றான். 'எக்ஸர்சைஸ்' காலையில் செய்வது. 'நாவல்' நூலகத்தில் எடுப்பது. ஆங்கிலமே தெரியாத பாட்டிக்கும் இந்தச் சொற்கள் தெரியும், ஒரே ஒரு அர்த்தத்தில். ஆங்கிலப் பத்திகளிலோ இவை வேறு வேலை செய்கின்றன. நோயை அரெஸ்ட் செய்கிறார்கள், அதாவது பரவாமல் நிறுத்துகிறார்கள். வறுமையை அட்ரஸ் செய்கிறார்கள், அதாவது அதைத் தீர்க்க இறங்குகிறார்கள். வதந்தியை டிஸ்கவுண்ட் செய்கிறார்கள், அதாவது பொருட்படுத்தாமல் ஒதுக்குகிறார்கள். வங்கி சவுண்டாக இருக்கிறது என்றால் நிதிநிலை திடமாக இருக்கிறது. அதிகாரத்தை எக்ஸர்சைஸ் செய்வது அதைப் பயன்படுத்துவது. நாவல் யோசனை என்றால் இதுவரை யாரும் சொல்லாத புதிய யோசனை. கேள்வி அமைப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் அவர் விரிக்கும் வலை நம் வீட்டுப் பேச்சிலேயே பாதி பின்னப்பட்டுக் கிடக்கிறது.

'சாங்ஷன்' இவற்றில் மிக விஷமமானது. வங்கி வேலைக்குப் படிக்கிறவருக்கு இதைவிட நெருக்கமான சொல் இருக்க முடியாது. கடன் சாங்ஷன் ஆவது என்பது அனுமதி கிடைப்பது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தியதும் அமெரிக்கா இந்தியா மீது விதித்தவையும் 'சாங்ஷன்ஸ்' தான். அங்கே அது தண்டனைத் தடை. ஒரே சொல் கதவைத் திறக்கவும் செய்கிறது, அடைக்கவும் செய்கிறது. தண்டனை என்ற பொருளில் வரும்போது பெரும்பாலும் பன்மையில் வரும் என்பது ஒரு தடயம். ஒரு நாடோ அமைப்போ இன்னொன்றின் 'மீது' விதிப்பதாக வந்தால் அது இன்னும் உறுதியான தடயம்.

தடயம் என்ற பேச்சு வந்ததும், இதற்கான வழிமுறையை எங்கோ தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இந்தச் சிக்கலை எடுத்துப் பேசுகிறது. பல பொருள் தரும் ஒரு சொல் வந்தால், இந்த இடத்தில் அதற்கு எந்தப் பொருள் என்று எதை வைத்துத் தெளிவது? வினையை வைத்து, இனத்தை வைத்து, சார்பை வைத்து என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் இதற்கு 'மா' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மா என்றால் மரமும் உண்டு, விலங்கும் உண்டு. பூத்தது என்ற வினை வந்தால் அது மாமரம். மருதமரத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டால், கூட நிற்பது மரம் என்பதால் அதுவும் மரமே. கவசம் அணிந்து போருக்குப் புறப்படுகிறவன் மாவைக் கொண்டுவா என்றால், சூழலைச் சார்ந்து அது குதிரை. ஆங்கிலத் தேர்வில் தடித்த எழுத்தில் கிடக்கும் சொல்லுக்கும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்கலாம். வேறெந்தக் குறுக்கு வழியையும்விட இது நன்றாக உதவுகிறது.

ஒரு மாதிரிப் பத்தியில் செய்து பார்ப்போம். இது எந்தத் தேர்விலும் வந்ததல்ல, தேர்வுப் பத்திகளின் பாணியில் இங்கே அமைத்தது. இதில் வரும் குழு கற்பனை. ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய பத்தியின் கருத்தைத் தமிழில் தந்து, கேட்கப்படும் சொற்களை மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம்.

'1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையான பிறகு, கிராமங்களில் கிளைகள் பெருகின. பின்னாளில், நட்டத்தில் ஓடும் கிராமக் கிளைகளை மூடலாமா என்ற பேச்சு எழுந்தது. இதை ஆராய்ந்த குழு, மூடும் யோசனைக்குக் குவாலிஃபைட் ஆதரவு தந்தது. பக்கத்து ஊரில் வேறு கிளை இருந்தால் மட்டுமே மூடலாம், அதுவும் வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டி அறிவித்த பிறகே என்றது. கிளை போய்விட்டால் விவசாயி வட்டிக்காரரிடம் போய் நிற்பார் என்ற அச்சத்தைச் சில அதிகாரிகள் டிஸ்கவுண்ட் செய்தார்கள். ஆனால் பிறகு கிடைத்த தகவல்கள் அந்த அச்சம் சரி என்றே காட்டின. விவசாயக் கடனில் ஏற்பட்டுள்ள சரிவை உடனே அரெஸ்ட் செய்ய வேண்டும் என்று குழு தன் அறிக்கையை முடித்தது.'

முதலில் 'குவாலிஃபைட்'. விடைகள்: 'காம்பிடன்ட்', 'லிமிடட்', 'கம்ப்ளீட்', 'சர்ட்டிஃபைட்'. தகுதி உள்ள, வரம்புக்கு உட்பட்ட, முழுமையான, சான்று பெற்ற என்று பொருள். விடைகளைப் பார்க்கும் முன் அவற்றைக் கையால் மறைத்துக்கொள்வது முதல் வேலை. ஏனென்றால் 'காம்பிடன்ட்' கண்ணில் பட்டுவிட்டால், தகுதி பெற்ற மருத்துவர், தகுதி பெற்ற ஆசிரியர் என்று பழகிய தொடர்கள் வரிசையாக வந்துவிடும். மறைத்துக்கொண்டு, இந்தச் சொல் எதை வருணிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆளை அல்ல, ஆதரவை. ஆதரவுக்குப் பட்டமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. இனத்தை வைத்தே இரண்டு விடைகள் கழன்றுவிட்டன. மிச்சம் இரண்டு, வரம்புக்கு உட்பட்டதும் முழுமையானதும். இரண்டுமே ஆதரவோடு ஒட்டும். இங்கே சார்பு கைகொடுக்கிறது. அடுத்த வாக்கியத்தில் 'இருந்தால் மட்டுமே', 'அறிவித்த பிறகே' என்று இரண்டு நிபந்தனைகள் வரிசையாக நிற்கின்றன. நிபந்தனை போட்ட ஆதரவு முழு ஆதரவாக முடியாது. ஆகவே 'லிமிடட்'. பத்தியைப் படிக்காமல் தாவியவர் இந்த இடத்தில் முதல் விடையைத்தான் குறித்திருப்பார்.

அடுத்து 'டிஸ்கவுண்ட்'. விடைகள்: 'ரெட்யூஸ்', 'டிஸ்மிஸ்', 'செல்', 'அக்செப்ட்'. இது முந்தையதைவிடக் கடினம். தள்ளுபடி என்ற அர்த்தம் நேராக வரவில்லை, குறைத்தல் என்று மாறுவேடத்தில் 'ரெட்யூஸ்' ஆக வந்திருக்கிறது. அச்சத்தைக் குறைத்தார்கள் என்று போட்டுப் பார்த்தால் வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகும். ஆறுதல் சொல்லி அச்சத்தைக் குறைப்பது உலகத்தில் நடக்கிற காரியம்தானே. இங்கேதான் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த வரி 'ஆனால்' என்று தொடங்கி, அந்த அச்சம் சரி என்று தெரியவந்ததாகச் சொல்கிறது. 'ஆனால்' என்று வந்தால் முன் வரியில் அதற்கு எதிரான ஒன்று இருந்தாக வேண்டும். அச்சம் சரி என்பதற்கு எதிர், அச்சம் பொருளற்றது என்ற நினைப்பு. அதிகாரிகள் அந்த அச்சத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, புறந்தள்ளினார்கள். விடை 'டிஸ்மிஸ்'. இதிலும் ஒரு கண்ணி இருப்பதைக் கவனிக்கலாம். டிஸ்மிஸ் என்றால் நமக்கு வேலைநீக்கம். அந்த நினைப்பில் சரியான விடையையே கழித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்கப்பட்ட சொல்லில் மட்டுமின்றி, விடையாகக் கிடக்கும் சொல்லிலும் பழகிய அர்த்தம் வழிமறிக்கும்.

'அரெஸ்ட்' மூன்றிலும் எளிது. வினைக்கு எது செயப்படுபொருள் என்று கேட்டால் போதும். சரிவைக் கைது செய்ய முடியாது. தடுத்து நிறுத்தலாம்.

வினையைப் பார்க்கும்போது அதற்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பொருளாதாரப் பத்திகளில் அடிக்கடி வரும் 'அப்ரிஷியேட்' இதற்கு நல்ல உதாரணம். ஒருவர் இன்னொருவரின் உழைப்பை அப்ரிஷியேட் செய்தால் அது பாராட்டு. டாலருக்கு எதிராக ரூபாய் அப்ரிஷியேட் ஆனது என்று வந்தால், அங்கே யாரும் எதையும் பாராட்டவில்லை. எழுவாய் மனிதர் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. ரூபாயின் மதிப்பு உயர்ந்தது என்பதே பொருள். சூழலை முழுக்கப் புரிந்துகொள்ள நேரம் இல்லாதபோதும் இந்த இலக்கண அமைப்பு ஒன்றே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் படித்தவர் எதிர்ப்பக்கமாகச் சரிந்துவிடும் அபாயம் இருக்கிறது. பயிற்சியில் நாலு முறை சூடுபட்ட மாணவர்கள், பழகிய அர்த்தத்தைக் கண்டாலே அது கண்ணிதான் என்று முடிவுகட்டி, வேண்டுமென்றே விசித்திரமான விடையைக் குறிக்கத் தொடங்குவதுண்டு. பழகிய அர்த்தத்திலேயே சொல் வரும் பத்திகளும் நிறைய உண்டு. ஓய்வுபெறும் மேலாளரின் சேவையை ஊழியர்கள் அப்ரிஷியேட் செய்தார்கள் என்றால் அது பாராட்டுத்தான். அதில் மதிப்பு உயர்வைத் தேடக் கூடாது. பழகிய அர்த்தம் சரியா என்று சோதிக்க வேண்டும். சோதனையில் தேறினால் தயங்காமல் அதையே குறிக்க வேண்டும்.

சூழலை மட்டுமே நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான பயிற்சி மையங்களில் சொல்லித்தரும் உத்தி, ஒவ்வொரு விடையையும் வாக்கியத்தில் பொருத்திப் பார், எது சரியாக ஒலிக்கிறதோ அதைக் குறி என்பது. நல்ல உத்திதான், பாதி தூரத்துக்கு. அமைச்சரின் 'டெர்ஸ்' பதில் செய்தியாளர்களை ஏமாற்றியது என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடைகள்: முரட்டுத்தனமான, தாமதமான, சுருக்கமான, பொய்யான. நான்கையும் பொருத்திப் பாருங்கள். முரட்டுப் பதில் ஏமாற்றும். தாமதமான பதில் ஏமாற்றும். பொய்ப் பதில் இன்னும் அதிகமாக ஏமாற்றும். நான்கும் பொருந்துகின்றன. ஆனால் 'டெர்ஸ்' என்ற சொல்லுக்கு இருக்கும் பொருள், ஓரிரு சொற்களில் வெட்டிச் சொல்வது. விடை 'சுருக்கமான' மட்டும்தான். சரியான விடை இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்ற வேண்டும்: அந்த அர்த்தம் அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே இருக்க வேண்டும், அந்த இடமும் அதைக் கேட்க வேண்டும். பழகிய அர்த்தத்தில் விழுகிறவர் இரண்டாவதை மறக்கிறார். பொருத்திப் பார்ப்பதிலேயே மூழ்குகிறவர் முதலாவதை மறக்கிறார். சொல்லின் அர்த்தங்களே தெரியாதபோது சூழல் எவ்வளவு உதவினாலும் அது ஊகம்தான். அந்த நேரத்தில் கேள்வியை விட்டுவிடுவதே கணக்குப்படி லாபமாக இருக்கலாம்.

ஆகவே படிப்பு என்ற வேலை மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எதைப் படிப்பது? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெரும்பாலோரின் மேசையில் நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈசி' இருக்கும். 1949-ல் வந்த அந்தப் புத்தகம் இன்னும் விற்கிறது. வேர்ச்சொற்களைப் பிடித்துக்கொண்டு புதிய சொற்களைக் கற்றுக்கொள்ள அது அருமையான புத்தகம். இங்கே பேசும் சிக்கலுக்கு அது மருந்தாகாது. ஏனென்றால் இங்கே வழுக்குவது புதிய சொற்களில் இல்லை. இதற்கு வேண்டியது, தெரிந்த சொற்களை மறுபடி அகராதியில் போய்ப் பார்க்கும் பழக்கம்.

எந்த அகராதி என்பதிலும் ஒரு விவரம் இருக்கிறது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி ஒரு சொல்லின் அர்த்தங்களை வரலாற்று வரிசையில் தருகிறது. முதலில் தோன்றிய அர்த்தம் முதலில் வரும். அது இன்று அபூர்வமாக இருந்தாலும் அப்படித்தான். 1987-ல் வந்த காலின்ஸ் கோபில்டு போன்ற, கற்பவருக்கான அகராதிகள் இன்றைய பயன்பாட்டைத் திரட்டி, அடிக்கடி வழங்கும் அர்த்தத்தை முன்னால் வைக்கின்றன. கைப்பேசியில் தேடினால் எந்த அகராதியிலிருந்து வருகிறது என்று பார்க்காமலே முதல் அர்த்தத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். தேர்வுக்கு வேண்டியதோ பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான். அங்கேதான் அரெஸ்ட் நோயை நிறுத்துகிறது, டிஸ்கவுண்ட் வதந்தியை ஒதுக்குகிறது. ஒவ்வோர் அர்த்தத்துக்கும் கீழே அகராதி தரும் உதாரண வாக்கியத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சொல் எதனோடு கூட்டுச் சேரும்போது அந்த அர்த்தம் பிறக்கிறது என்பது அந்த வாக்கியத்தில்தான் தெரியும்.

ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினம் படிக்கச் சொல்வது பழைய அறிவுரை. அதை இந்த நோக்கத்தோடு செய்தால் பலன் கூடும். தெரியாத சொற்களை அடிக்கோடிடுவதை எல்லோரும் செய்கிறார்கள். தெரிந்த சொல் ஒன்று எதிர்பாராத இடத்தில் உட்கார்ந்திருந்தால் அதையும் அடிக்கோடிட வேண்டும். பிறகு குறிப்பேட்டில் அந்தச் சொல்லை மட்டும் எழுதாமல், கூடவே வந்த சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். 'சவுண்ட்' என்று எழுதினால் சத்தம்தான் நினைவுக்கு வரும். 'சவுண்ட் அட்வைஸ்' என்று எழுதினால் நல்ல யோசனை என்பது மறக்காது. பத்து நாளில் ஒரு பக்கம்தான் சேரும். தேர்வுப் பத்திகளில் திரும்பத் திரும்ப வருவது அந்த ஒரு பக்கத்தில் இருக்கும் சொற்களாகவே இருக்கும்.

இதில் பயிற்சி மையங்களுக்கும் வழிகாட்டி நூல் வெளியிடுகிறவர்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான சொற்பட்டியல்கள் இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதற்கு இணையான ஒரு சொல் என்ற வடிவில் உள்ளன. ஆயிரம் சொற்கள், இரண்டாயிரம் சொற்கள் என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற அந்த அமைப்பே மாணவரைக் கண்ணிக்குப் பழக்குகிறது. எண்ணிக்கையை முந்நூறாகக் குறைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும், அது இரண்டு வேறு பொருளில் வரும் இரண்டு வாக்கியங்களைக் கீழே அச்சிடட்டும். வேலை தேடும் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கும் புத்தகம் அது. அந்த உழைப்பையாவது அவர்களுக்குத் தர வேண்டும்.